மாடி அறைக்கு ஒதுக்கிய எண்

துக்க வீட்டில் குரலை உயர்த்திப் பேசியிருக்கிறேன். அதுவும் முப்பத்தொன்றாம் நாளன்று, இறந்தவரின் மனைவியிடம், அவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்த கூடத்துக்குப் பத்தடி தள்ளி. என் முன்கோபத்தைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். என் மனைவியாக இருந்தவர் நீதிமன்றத்திலேயே சொன்னார். அப்போதெல்லாம் எனக்குப் பதில் இருந்தது. அன்று செய்ததற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

மணவிலக்குக்குப் பிறகு பண்டமாரானில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய மாடி வீட்டின் பின்னறைக்குக் குடிவந்தேன். கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் கிடங்கில் எனக்கு வேலை. ரயில் நிலையத்துக்கு நடந்துபோய் கொமுட்டர் ஏறினால் துறைமுகத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்பதுதான் அந்த அறையைப் பிடித்ததற்குக் காரணம். கீழே வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். கணவரும் மனைவியும் எழுபதைத் தாண்டிய யாழ்ப்பாணத் தமிழர்கள். இருவருமே இங்கே பிறந்தவர்கள்தான், ஆனால் பேச்சில் யாழ்ப்பாணம் கொஞ்சம் தங்கியிருந்தது. அவரை அங்கிள் என்றும் அந்த அம்மாவை ஆன்டி என்றும் கூப்பிடுவேன்.

அங்கிள் அரசாங்கத்தில் தொலைபேசிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் எழுதி ஒட்டியிருப்பார். தண்ணீர்க் குழாய்க்குக்கூட எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று ஓர் அம்புக்குறி உண்டு. வந்த புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. இணையத்துக்கான ரவுட்டர் கீழே கூடத்தில், சுவரில் அடித்த ஒரு சின்னப் பலகைமேல் இருந்தது. அதற்கும் தாள் ஒட்டியிருந்தது: "தொட வேண்டாம். என்னைக் கேட்கவும்."

ஒரு நாள் படியேறி என் அறைக்கே வந்தார். "உம்மட விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு நிரந்தர நம்பர் ஒதுக்கி வச்சிருக்கிறன். அஞ்சு நிமிஷ வேலை. போட்டுத் தரட்டோ?" என்றார். இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தேன். "இப்ப நல்லாத்தானே ஓடுது அங்கிள். அப்பறம் பாப்போம் லா" என்றேன். "சரி, வேணுமெண்டா சொல்லும்" என்று இறங்கிப் போய்விட்டார். நான் சொல்லவே இல்லை. ஓடுகிற ஒன்றை எதற்காகக் கையில் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். மனிதருக்குப் பொழுது போகவில்லை என்றும் நினைத்தேன்.

விளையாட்டுப் பெட்டி என்று அவர் சொன்னது தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கேம் கன்சோலை. நாற்பத்து நான்கு வயதில் அதை நான் வாங்கியது என் மகளுக்காக. அவள் தாயோடு பெர்த்தில் இருக்கிறாள். அப்போது அவளுக்குப் பதினோரு வயது. பிரியும்போது எழுத்தில் ஒப்புக்கொண்டது இது: சனிக்கிழமை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை மகளோடு பேசலாம். பெர்த்திலும் இங்கேயும் ஒரே மணிதான், அதில் குழப்பம் இல்லை. முதல் சில மாதங்கள் தொலைபேசித் திரையில் முகம் பார்த்துப் பேசினோம். சாப்பிட்டாயா, படித்தாயா, மழையா, வெயிலா. ஐந்தே நிமிடத்தில் பேச ஒன்றும் இருக்காது. அவள் திரைக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "அப்பா, நீங்களும் ஒண்ணு வாங்குங்க. சேர்ந்து வீடு கட்டலாம்."

அப்படித்தான் வாங்கினேன். கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு. ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே விளையாடலாம். கையில் வேலை இருந்தால் அவள் வாய் ஓயாது. பள்ளியில் யார் யாரோடு சண்டை, அம்மா எதற்குத் திட்டினார் என்று சன்னல் வைத்துக்கொண்டே சொல்வாள். ஆற்றங்கரையில் ஒரு பெரிய வீடு கட்டியிருந்தோம். அதில் எனக்கென்று ஓர் அறையை அவளே கட்டினாள், ஆற்றைப் பார்த்தபடி. வாரம் முழுவதும் கொள்கலன்களின் எண்களைச் சரிபார்க்கிற எனக்கு, அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் யாருக்கோ தகப்பன் என்று தோன்றும்.

அங்கிள் ஒரு வியாழக்கிழமை காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஒரே மகன் லண்டனில் இருந்தார். முதுகில் அறுவை சிகிச்சை செய்து படுக்கையில் இருந்ததால் விமானம் ஏற மருத்துவர்கள் விடவில்லை. அங்கிளின் அண்ணன் மகன் ஒருவர் கொள்ளி வைத்தார். அன்றிலிருந்து தினமும் மாலையில் உறவினர்கள் வந்து தேவாரம் பாடிவிட்டுப் போனார்கள். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து அங்கிளின் தங்கை மகள் வந்து ஆன்டியோடு தங்கினார். முப்பது வயது இருக்கும். ஒரு நிறுவனத்தில் கணினிகள் பழுதானால் பார்த்துக்கொடுக்கும் வேலை. வந்தவர்களைக் கவனிப்பது, வெளிநாட்டு உறவுகளுக்குச் செய்தி சொல்வது எல்லாம் அவர்தான்.

வந்தவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, இலங்கை என்று வெளியூர்க்காரர்கள். "வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" என்று ஆன்டியையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். துக்கத்தில் இருக்கிறவரை இப்படித் தொந்தரவு செய்யக்கூடாது என்று, தொலைபேசியைக் காட்டினால் தானாகவே இணைந்துவிடும் சதுரக் குறியை அந்தப் பெண் அச்சடித்து, அங்கிளின் படத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். படத்துக்குப் பூப்போட வந்தவர்கள் எல்லாரும் கும்பிட்டுவிட்டு அப்படியே தொலைபேசியையும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்கள். நல்ல மனதோடு செய்த காரியம். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

அங்கிள் போன பிறகு வந்த இரண்டாவது சனிக்கிழமை, மகள் எதற்கோ சிரிக்க நானும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆன்டி பாதிப் படி ஏறி நின்று, "கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கேலுமோ தம்பி? கீழ ஆக்கள் இருக்கினம்" என்றார். நியாயமான பேச்சு. குறைத்தேன். ஆனால் மனதில் ஒரு முள் இருந்தது.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் நான் மகளோடு விளையாட உட்காரவில்லை. கப்பல் தாமதம், ஆள் பற்றாக்குறை, கூடுதல் வேலைக்கு நில் என்றார்கள், நின்றேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் சொன்னார்கள், நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாயின் தொலைபேசியிலிருந்து மகளின் குரல்பதிவு வந்தது. "அப்பா, நெட்பால் டீம்ல சேர சொல்லி கோச் கேட்டுக்கிட்டே இருக்காங்க. சனிக்கிழமை மத்தியானம்தான் ப்ராக்டிஸ். நான்தான் அப்பா வருவாங்கன்னு சொல்லிட்டிருந்தேன். இந்த வாரம் மூணரை வரைக்கும் பாப்பேன். வரலன்னா சேர்ந்துடுவேன்."

கோபமே இல்லாத குரல். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அதைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். அந்த வாரம் மேலாளரிடம் போய், சனிக்கிழமை வரமாட்டேன், வேண்டுமானால் வேலையிலிருந்து தூக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமைதான் அங்கிளின் முப்பத்தொன்றாம் நாள்.

காலையில் ஐயர் வந்து வீட்டுக்கிருத்தியம் என்னும் சடங்கை முடித்துவிட்டுப் போனார். நானும் கீழே போய் கும்பிட்டு, பகலுக்குப் பந்தியிலும் உட்கார்ந்தேன். கல்வெட்டு என்று அவர்கள் சொல்லும் நினைவுப் புத்தகத்தை எல்லாருக்கும் கொடுத்தார்கள். மூன்று மணிக்கு லண்டனிலிருந்து மகன் காணொளியில் வந்து பேசுவார், எல்லாரும் இருங்கள் என்று சொன்னார்கள். கூடத்தில் அறுபது பேருக்குக் குறையாது. நான் ஆன்டியிடம் சொல்லிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

இரண்டே முக்காலுக்குப் பெட்டியைப் போட்டேன். இணையம் இல்லை என்றது. சோதனை செய்து பார்க்கச் சொன்னேன். வைஃபையோடு இணைந்தது, சரி என்று குறி விழுந்தது. அடுத்த வரியில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்து, ஐபி முகவரி கிடைக்கவில்லை என்று நின்றது. மறுபடி போட்டேன். அதே. பாஸ்வேர்டை அழித்து மறுபடி அடித்தேன். பெட்டியை அணைத்து, மின்சாரத்தைப் பிடுங்கி, செருகினேன். முதல் வரி சரி. இரண்டாவது வரி தோல்வி.

என் தொலைபேசியில் பார்த்தேன். அதே வைஃபையில் படம் ஓடியது, செய்தி வந்தது, எல்லாம் ஒழுங்காக இருந்தது. தொலைபேசியிலிருந்து பெட்டிக்கு இணையம் கொடுக்கலாம் என்று பார்த்தால் மாதக் கடைசி, அதற்கான அளவு தீர்ந்துபோயிருந்தது. மகளின் தாய்க்குச் செய்தி அனுப்பினேன். அவர் மருத்துவமனையில் தாதி. சனிக்கிழமை வேலைக்குப் போனால் தொலைபேசி பெட்டகத்தில் இருக்கும். மகளிடம் தொலைபேசி இல்லை. அவளைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவின் எண் என்னிடம் இல்லை. கேட்டு வாங்கிவைக்க எனக்குத் தோன்றியதும் இல்லை.

மணி மூன்று. ஆற்றங்கரை வீட்டில் அவள் வந்து நின்றிருப்பாள்.

என் தொலைபேசி ஓடுகிறது, என் பெட்டி மட்டும் ஓடவில்லை. அப்படியானால் யாரோ என் பெட்டியை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். அன்று என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். படியில் நின்று சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர் ஞாபகம் வந்தார். இன்று மகன் பேசுகிற நாள், மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கக்கூடாது என்று வெட்டிவிட்டிருப்பார். இரண்டு இரண்டு படியாக இறங்கினேன்.

ஆன்டி சமையலறை வாசலில் ஒரு சொம்போடு நின்றிருந்தார். வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்.

"ஆன்டி, என் லைனை நிப்பாட்டிட்டீங்களா?"

அவருக்குப் புரியவில்லை. "என்ன தம்பி?"

"என் கேம் பெட்டிக்கு லைன் இல்ல. போன்ல வருது, அதுல மட்டும் வரல. சத்தம் கேக்குதுன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? சொல்லாம கொள்ளாம வெட்டுவீங்களா? என் பிள்ளை அங்க காத்துக்கிட்டு இருக்கு. உங்களுக்கு உங்க துக்கம்தான் பெருசா?"

கடைசி வரியைச் சொன்னபோது என் குரல் கூடம் வரை போயிருக்க வேண்டும். பேச்சுச் சத்தம் அடங்கியது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஆன்டி சொம்பை மேசைமேல் வைத்தார்.

"நான் ஒண்டும் செய்யேல்லை தம்பி. அந்த வைஃபைப் பெட்டியைத் தொட எனக்குத் தெரியாது. அவர்தான் பார்க்கிறவர்."

நான் அவரைத் தாண்டிக் கூடத்துக்குள் போனேன். ரவுட்டர் பலகைமேல் விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தானே. பிளக்கில் கை வைத்துவிட்டேன்.

"அண்ணே, பிடுங்காதீங்க" என்றார் அந்தத் தங்கை மகள். அவர் கையில் டேப்லட் இருந்தது. அதில் லண்டன் மகனின் முகம் தெரிந்தது. தலையணையில் சாய்ந்து, தாடி வளர்ந்து, அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவரு இப்பதான் லைன்ல வந்தாரு. இப்ப பிடுங்கினா கட் ஆயிடும். என்ன ஆச்சு, சொல்லுங்க."

கையை எடுத்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, டேப்லட்டைப் படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தார். தன் மடிக்கணினியை எடுத்துவந்து சமையலறை மேசையில் திறந்து, ரவுட்டரின் உள்பக்கத்துக்குப் போனார். அங்கிள் மனப்பாடம் செய்யவைத்திருந்த பாஸ்வேர்டை ஆன்டி சொன்னார். திரையில் நீளமாக ஒரு பட்டியல் வந்தது. அதைப் பார்த்ததும் அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாரும் வெட்டலண்ணே. ஃபுல் ஆயிருச்சு."

"எது ஃபுல்?"

"வைஃபைக்குள்ள வர்ற ஒவ்வொரு சாமானுக்கும் ரவுட்டர் ஒரு நம்பர் குடுக்கும். மாமா இதுல முப்பது நம்பர்தான் வச்சிருக்காரு. வீட்டுக்கு அது தாராளம். ஒரு போனுக்குக் குடுத்த நம்பர் ஏழு நாளைக்கு அந்தப் போனுக்குத்தான். அவங்க ஊருக்குப் போயிட்டாலும் ஏழு நாள் ஆகற வரைக்கும் அதை வேற யாருக்கும் குடுக்காது. பாருங்க, இது சித்தப்பா போன். செவ்வாய்க்கிழமையே சிங்கப்பூர் போயிட்டாரு. இன்னும் மூணு நாள் இருக்குன்னு காட்டுது."

முப்பது வரிகள். அதில் பாதிப் பேர் அந்த வீட்டிலேயே இல்லை.

"அப்ப என் போன் மட்டும் எப்படி ஓடுது?"

"நீங்க தினமும் வீட்டுக்கு வர்றீங்க. வர்றப்பல்லாம் போன் தன் நம்பரைப் புதுப்பிச்சுக்கும். அது எடத்தை விடாது. கேம் பெட்டியைக் கடைசியா எப்ப போட்டீங்க?"

"மூணு வாரம் ஆச்சு."

"அதான். ஏழு நாள் தாண்டினதும் உங்க நம்பரை வேற யாருக்கோ குடுத்துருச்சு. காலையிலகூட ரெண்டு பேர் கனெக்ட் ஆகலன்னு சொன்னாங்க. பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். நான்தான் அந்தத் தாளை ஒட்டினேன். என் மேலதான் தப்பு."

அவர்மேல் தப்பில்லை. இரண்டு சனிக்கிழமை நான் வராததால்தான் என் இடம் போயிருந்தது.  மணி மூன்று பன்னிரண்டு.

"இப்ப என்ன செய்யறது?"

"முப்பதை இருநூறுன்னு மாத்தலாம். ஆனா மாத்தினா இந்த ரவுட்டர் ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகும். எல்லாருக்கும் ரெண்டு மூணு நிமிஷம் போயிடும்."

கூடத்தில் லண்டன் மகன் பேசத் தொடங்கியிருந்தார். அப்பா தன் கையால் எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் உடைந்து உடைந்து வந்தது. ஒருத்தரும் அசையவில்லை. ஆன்டி சமையலறை வாசலில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டு, என் முகத்தையும் பார்த்தார். மாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. மூன்றரைக்குள் பேசி முடிப்பாரா என்று கணக்குப் போட்டேன். அப்படிக் கணக்குப் போட்டதற்காக என்மேலேயே வெறுப்பு வந்தது.

"இருங்கோ" என்றார் ஆன்டி.

பூசை அறைக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்து, நீல அட்டை போட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்தார். "வீட்டில என்ன பழுதெண்டாலும் முதல்ல இதைப் பார் எண்டு சொன்னவர். நான் இன்னும் திறக்கேல்லை. எனக்குத் திறக்க மனம் வரேல்லை. நீங்கள் பாருங்கோ."

தங்கை மகள் பக்கங்களைப் புரட்டினார். அங்கிளின் கையெழுத்து அச்சுப் போல இருந்தது. தண்ணீர்த் தொட்டி, கேட்டின் பூட்டு, மின்சாரப் பலகை. பிறகு ரவுட்டர். இரண்டிலிருந்து முப்பத்தொன்று வரை தானாகக் கொடுப்பது என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதற்குக் கீழே, நாற்பதுக்கு மேல் நாம் கையால் கொடுப்பது, ரவுட்டர் இவற்றை யாருக்கும் கொடுக்காது என்று இருந்தது. அதன் கீழே மூன்று வரிகள்.

நாற்பத்தொன்று, அச்சுப்பொறி.

நாற்பத்திரண்டு, வாசல் கேமரா.

நாற்பத்து மூன்று, மாடித் தம்பியின் விளையாட்டுப் பெட்டி. சனி மூன்று மணி. மகள். விருந்தினர் வந்தாலும் தடைப்படக்கூடாது.

தங்கை மகள் அதைச் சத்தமாக வாசித்தார்.   அங்கிளிடம் நான் என் மகளைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை. எப்போதோ ஒரு நாள், எதற்குப் பெட்டி என்று கேட்டபோது ஒரு வரியில் சொல்லியிருப்பேன். அதை அவர் எழுதி வைத்திருந்தார்.

"ரவுட்டரைத் தொடவே வேணாம்ணே. பெட்டியிலயே கையால போட்டுடலாம்" என்றார் அந்தப் பெண். நோட்டோடு என் அறைக்கு ஓடிவந்தார். பெட்டியின் அமைப்பில் தானாக என்று இருந்ததைக் கையால் என்று மாற்றினார். முகவரி கேட்டது. முன்பகுதி வீட்டில் எல்லாருக்கும் ஒன்றுதான், கடைசியில் நாற்பத்து மூன்று. அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் அங்கிளின் நோட்டில் விடை வரிசையாக இருந்தது. எந்தக் கட்டத்தில் என்ன எண், எங்கே புள்ளி என்பதுவரை எழுதியிருந்தார். நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் அடித்தார்.  

சோதனை. முதல் வரி சரி. வளையம் சுற்றவே இல்லை, இரண்டாவது வரியும் சரி. இணையம், சரி.

மணி மூன்று இருபத்தாறு. அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஆற்றங்கரை வீட்டுக்குள் நுழைந்தேன். மகள் என் அறையில் நின்றிருந்தாள். ஆற்றைப் பார்த்த சுவரைக் காணவில்லை. கூரையில் பாதி இல்லை. அவள் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்யற?"

கட்டை எடுப்பது நின்றது. 

"உங்க ரூமைப் பிரிச்சிட்டு இருந்தேன். நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், ஆனாலும் அழுதுவிட்டேன். அவளுக்குக் கேட்டிருக்கும். என்ன ஆனது என்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூடுதல் வேலைக்கு முடியாது என்று சொல்லாமல் நின்றதைச் சொன்னேன். துக்க வீட்டில் கத்தியதைச் சொன்னேன். அங்கிள் நோட்டில் எழுதியிருந்ததைச் சொன்னேன். 

"அந்தத் தாத்தாவுக்கு என்னைத் தெரியுமா?"

"பாத்ததில்ல. ஆனா தெரியும்."

"ஆன்டிகிட்ட சாரி சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப முதல்ல போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் இருப்பேன். சுவரைத் திரும்ப வச்சிட்டு இருக்கேன்."

இறங்கினேன். லண்டன் மகன் பேசி முடித்திருந்தார். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள். அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரியும், அது சரிதான். ஆன்டி படத்துக்கு முன்னால் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். திரி கருகியிருந்தது, அதைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "ஆன்டி, நான் கத்தினது ரொம்பத் தப்பு. உங்க துக்கத்தைப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாது.  மன்னிச்சிருங்க."

 ஆன்டி கை எண்ணெயைத் துணியில் துடைத்தார்.

"மகள் இருந்தவவோ?"

"இருந்தா ஆன்டி. இன்னும் இருக்கா."

"அப்ப ஏன் இங்க இருக்கிறீர்? போம்."

எழுந்தேன். படி வரை போயிருப்பேன், பின்னால் அவர் குரல் கேட்டது. என்னிடம் பேசுகிறார் என்று திரும்பினேன். அவர் படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேட்டதே? உங்கட நாப்பத்து மூண்டு வேலை செய்யுதாம்."

அந்த முப்பத்தொரு நாளில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதுதான் அழுதார். நான் மாடிக்குப் போனேன்.